கையில சீட்டு அடுக்குற மாதிரி இன்செர்ஷன் சார்ட்: காலி இடம் எப்படி நகருதுன்னு பாத்தே கத்துக்கலாம்

சீட்டு விளையாடும்போது ஒவ்வொரு சீட்டா எடுத்து கையில சொருகுவோம்ல, புதுசா வந்தது 6ன்னா 5க்கும் 8க்கும் நடுவுல போகும், 10ன்னா கடைசில போகும். லிஸ்ட்ல இருக்கிற எண்களை சின்னதுல இருந்து பெருசா அடுக்குற இன்செர்ஷன் சார்ட்னா அதேதான். இதை எல்லா கிளாஸ்லயும் சொல்லுவாங்க, கேக்குறவங்களும் ஆமா புரிஞ்சிடுச்சுன்னு தலையாட்டுவாங்க, அப்புறம் கோடு எழுத உக்காந்தா அந்த `while` லைன்ல போய் நின்னுடுவாங்க. ஜூனியர்ஸ் நிறைய பேருக்கு இதை சொல்லிக் கொடுத்திருக்கேன், கிட்டத்தட்ட எல்லாருமே நிக்கிற இடம் அதேதான். அவங்களுக்கு சீட்டு அடுக்கத் தெரியாம இல்ல, நமக்கே தெரியாம நம்ம கையும் கண்ணும் ரெண்டு வேலையை செஞ்சு முடிச்சிடுது, அந்த ரெண்டையும் யாரும் பிரிச்சு சொல்றதில்ல, அதனாலதான்.

முதல் வேலை கண்ணு செய்யுது. கையில பத்து சீட்டு விரிச்சு வச்சிருந்தா ஒரே பார்வையில "இது இங்க போகணும்"னு தெரிஞ்சிடும், ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாக்குற மாதிரியே தோணாது. ரெண்டாவது வேலை விரல் செய்யுது. ரெண்டு சீட்டுக்கு நடுவுல புதுசை சொருகினா மத்ததெல்லாம் தானா ஒதுங்கி இடம் விடும். கம்ப்யூட்டர்ல இந்த ரெண்டுமே கிடையாது. லிஸ்ட்ல இருக்கிற எண்களை ஒரு நேரத்துல ஒண்ணோட ஒண்ணுதான் ஒப்பிட முடியும், நடுவுல இடம் வேணும்னா வலப்பக்கம் இருக்கிற ஒவ்வொண்ணையும் நாமளே ஒரு கட்டம் தள்ளி வைக்கணும். இன்செர்ஷன் சார்ட்டோட கோடு முழுக்க இந்த ரெண்டு வேலைதான், வேற எதுவும் இல்ல.

அதனால சீட்டை கையில பிடிக்காம மேஜை மேல வச்சு செஞ்சு பாக்கலாம். நிஜமாவே ஒரு சீட்டுக்கட்டு எடுத்துக்கோங்க, படிச்சுக்கிட்டே செஞ்சா பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும்.

மேஜையை தயார் பண்றது

ஒரு பேப்பர்ல வரிசையா ஆறு கட்டம் போட்டு இடப்பக்கத்துல இருந்து 0, 1, 2, 3, 4, 5ன்னு நம்பர் எழுதிக்கோங்க. 0ல இருந்து ஆரம்பிக்கிறது வேணும்னே சொல்றதுதான், லிஸ்ட்ல இன்டெக்ஸ் அப்படித்தான் போகும், பின்னாடி கோடு எழுதும்போது நம்பர் மாத்திக் குழம்ப வேண்டாம். இப்ப கட்டுல இருந்து 7, 3, 9, ஆட்டின் 4, 2, இஸ்பேட் 4, இந்த ஆறையும் இதே வரிசையில கட்டத்துக்கு ஒண்ணா முகம் மேல தெரியுற மாதிரி வைங்க. 4 மட்டும் ரெண்டு இருக்கு, அதை வேணும்னுதான் போட்டேன், காரணம் கடைசில வரும். எழுதும்போது ஆட்டின் 4ஐ 4ஆ-ன்னும் இஸ்பேட் 4ஐ 4இ-ன்னும் போடுறேன், மத்த சீட்டெல்லாம் என்ன ரகமா இருந்தாலும் பரவால்ல.

மூணே விதி. ஒரு நேரத்துல ஒரே ஒரு சீட்டைத்தான் கையில தூக்கலாம். ஒரு சீட்டை நகர்த்தணும்னா பக்கத்துல காலியா இருக்கிற கட்டத்துக்கு மட்டும்தான் நகர்த்தலாம். கையில இருக்கிற சீட்டை மேஜையில இருக்கிற ஒரே ஒரு சீட்டோடதான் ஒரு தடவைக்கு ஒப்பிடலாம். இந்த மூணையும் கறாரா பிடிச்சுக்கோங்க, ஒரே பார்வையில இடம் கண்டுபிடிச்சு வைக்க கை துறுதுறுக்கும், அதுக்கு இடம் கொடுக்காதீங்க.

இன்னொண்ணு, ஒரு பென்சிலை கட்டம் 0க்கும் 1க்கும் நடுவுல வைங்க. பென்சிலுக்கு இடப்பக்கம் இருக்கிறது அடுக்கி முடிச்ச பக்கம், வலப்பக்கம் இன்னும் தொடாதது. இப்ப இடப்பக்கம் 7 மட்டும் தனியா இருக்கு, ஒரே ஒரு சீட்டு எப்பவுமே அடுக்கினதாத்தான் இருக்கும், அதனாலதான் வேலை கட்டம் 1ல இருந்து ஆரம்பிக்குது, 0ல இருந்து இல்ல.

சுற்று சுற்றா செஞ்சு பாக்கலாம்

முதல் சுற்று. கட்டம் 1ல இருக்கிற 3ஐ கையில தூக்குங்க. கட்டம் 1 இப்ப காலி. இடப்பக்கத்து சீட்டு 7, அது கையில இருக்கிற 3ஐ விட பெருசா? ஆமா. அப்ப 7ஐ ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளுங்க, காலி இடம் கட்டம் 0க்கு போயிடுச்சு. இன்னும் இடப்பக்கம் ஒண்ணுமே இல்ல, அதனால 3ஐ அந்த காலி இடத்துல வைங்க. பென்சிலை ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்த்துங்க. ஒரு ஒப்பீடு, ஒரு தள்ளல்.

ரெண்டாவது சுற்று. 9ஐ தூக்குங்க. இடப்பக்கம் 7, 9ஐ விட பெருசா? இல்ல. நின்னுடலாம், 9ஐ எடுத்த இடத்துலயே திரும்ப வைங்க. 7க்கு முன்னாடி இருக்கிற 3ஐ பாக்கணுமான்னு சிலர் கேப்பாங்க, வேண்டாம், இடப்பக்கம் ஏற்கனவே அடுக்கி இருக்கு, 7ஏ சின்னதுன்னா அதுக்கு முன்னாடி இருக்கிற எல்லாமே சின்னதுதான். ஒரு ஒப்பீடு, தள்ளல் இல்ல.

மூணாவது சுற்றுல கொஞ்சம் நின்னு கவனிங்க, விஷயம் இங்கதான் இருக்கு. கட்டம் 3ல இருந்து 4ஆ-வை தூக்குங்க. மேஜை இப்ப இப்படி இருக்கும், அடிக்கோடு போட்ட இடம்தான் காலி:

```
3  7  9  _  2  4இ      கையில: 4ஆ
```

9 பெருசு, வலப்பக்கம் தள்ளு. 7 பெருசு, அதையும் தள்ளு. 3 பெருசா? இல்ல, நில்லு.

```
3  7  _  9  2  4இ
3  _  7  9  2  4இ
```

கண்ணை சீட்டு மேல வைக்காம அந்த காலி இடத்து மேல மட்டும் வச்சுப் பாருங்க. கட்டம் 3ல பிறந்துச்சு, 2க்கு வந்துச்சு, 1க்கு வந்து நின்னுச்சு. கையில இருக்கிற 4 இத்தனை நேரமும் அசையவே இல்ல, மேஜையில காலி இடம்தான் இடப்பக்கமா நடந்து வந்து தனக்கான இடத்துல நின்னு "இங்க வை"ன்னு சொல்லுது. 4ஆ-வை அங்க வைங்க. மூணு ஒப்பீடு, ரெண்டு தள்ளல். இந்த காலி இடம் நடக்குறதை ஒரு தடவை கண்ணால பாத்துட்டா கோடுல வர்ற `j + 1`ங்கிற விஷயம் மனப்பாடம் பண்ண வேண்டியதே இல்ல.

நாலாவது சுற்று. 2ஐ தூக்குங்க. 9, 7, 4ஆ, 3 நாலுமே பெருசு, நாலும் ஒவ்வொரு கட்டமா வலப்பக்கம் போகும், காலி இடம் 0 வரைக்கும் வந்துடும், 2 அங்க போகும். நாலு ஒப்பீடு, நாலு தள்ளல். இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், அடுக்கி முடிச்ச பக்கம்னா அந்த சீட்டெல்லாம் தன்னோட கடைசி இடத்துக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. 3 முதல் சுற்றுலயே கட்டம் 0ல போய் உக்காந்துச்சு, இப்ப நாலாவது சுற்றுல ஒரு 2 வந்து அதை எழுப்பி விட்டுடுச்சு. பென்சிலுக்கு இடப்பக்கம் இருக்கிறது தங்களுக்குள்ள மட்டும்தான் ஒழுங்கா இருக்கு. செலக்‌ஷன் சார்ட்ல அப்படி கிடையாது, அங்க மீதி இருக்கிறதுல சின்னதை தேடி எடுத்து வைக்கிறதால வச்சது வச்சதுதான், திரும்ப அசையாது. பரீட்சையில நடுவுல ஒரு சுற்று முடிஞ்சப்ப லிஸ்ட் எப்படி இருக்குன்னு காட்டி இது எந்த சார்ட்னு கேட்டா இதை வச்சே பல நேரம் பிடிச்சிடலாம்.

அஞ்சாவது சுற்று. 4இ-யை தூக்குங்க. 9 பெருசு, தள்ளு. 7 பெருசு, தள்ளு. அடுத்து 4ஆ, அது பெருசா? இல்ல, சமம். சமம்னா தள்ளக்கூடாது, அங்கயே நின்னு வலப்பக்க காலி இடத்துல வச்சிடணும். மூணு ஒப்பீடு, ரெண்டு தள்ளல்.

```
2  3  4ஆ  4இ  7  9
```

முடிஞ்சுது. மொத்தம் 12 ஒப்பீடு, 9 தள்ளல்.

இப்ப கோடு

மேஜையில செஞ்சதை அப்படியே எழுதினா பைத்தான்ல இவ்வளவுதான்:

```python
def insertion_sort(a):
    for i in range(1, len(a)):
        key = a[i]
        j = i - 1
        while j >= 0 and a[j] > key:
            a[j + 1] = a[j]
            j = j - 1
        a[j + 1] = key
```

`i` தான் பென்சில் நின்ன இடம், அதுக்கு அடுத்தாப்ல இருந்த சீட்டோட கட்டம். `key` கையில தூக்கின சீட்டு. `j` இப்ப ஒப்பிட்டுக்கிட்டு இருக்கிற சீட்டோட கட்டம். காலி இடம் எங்க? அதுக்கு தனியா பேர் இல்ல, அது எப்பவுமே `j`க்கு அடுத்த வலப்பக்க கட்டம், அதாவது `j + 1`. அதனாலதான் தள்ளும்போதும் `a[j + 1]`, கடைசில வைக்கும்போதும் `a[j + 1]`. ரெண்டும் ஒரே காலி இடம்தான், `while` ஓட ஓட அது நடந்துக்கிட்டே இருக்கு.

ஒரே ஒரு வித்தியாசம் மட்டும் மனசுல இருக்கணும். மேஜையில சீட்டை தூக்கினா அந்த கட்டம் நிஜமாவே காலியாகும், கம்ப்யூட்டர்ல `key = a[i]`ன்னு போட்டா அது நகல்தான், பழைய எண் அந்த கட்டத்துல அப்படியே கிடக்கும். முதல் தள்ளல்ல அது மேல இன்னொரு எண் வந்து உக்காந்து அழிச்சிடும். அதுக்குத்தான் முன்னாடியே `key`ல பத்திரமா எடுத்து வைக்கிறோம். லூப் ஓடும்போது நடுவுல லிஸ்டை ப்ரின்ட் பண்ணிப் பாத்தா ஒரே எண் பக்கத்துல பக்கத்துல ரெண்டு தடவை தெரியும், அதைப் பாத்து பயப்பட வேண்டாம், அதுல வலப்பக்கம் இருக்கிறது நிஜம், இடப்பக்கம் இருக்கிறதுதான் நம்ம காலி இடம்.

ஏன் வலப்பக்கத்துல இருந்து இடப்பக்கமா தேடணும், இடப்பக்கத்துல இருந்து ஆரம்பிச்சா என்னன்னு நல்லா யோசிக்கிறவங்க கேப்பாங்க. செய்யலாம், விடை சரியாத்தான் வரும். ஆனா இடம் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் வலப்பக்கத்துல இருந்து தள்ளிக்கிட்டு வர்ற வேலை தனியா மிச்சம் இருக்கும், வலப்பக்கத்துல இருந்து தேடினா தேடுறதும் தள்ளுறதும் ஒரே நடையில முடிஞ்சிடும். அதை விட முக்கியமா, லிஸ்ட் ஏற்கனவே அடுக்கி இருந்தா வலப்பக்கத்துல இருந்து வர்றவங்களுக்கு ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரே ஒரு ஒப்பீட்டுல வேலை முடிஞ்சிடும், இடப்பக்கத்துல இருந்து வர்றவங்க ஒவ்வொரு தடவையும் அடுக்கின பக்கம் முழுசையும் நடந்து கடந்துதான் கடைசிக்கு வரணும். இந்த அல்காரிதம்ல இருக்கிற பெரிய நல்ல குணமே போயிடும்.

தப்பு எங்க வரும், எப்படி கண்டுபிடிக்கிறது

இந்த எட்டு லைன்ல ஒரு எழுத்து மாறினாலும் தப்பு வரும், ஆனா ஒவ்வொரு தப்புக்கும் ஒரு தனி அடையாளம் இருக்கு, விடையைப் பாத்தே எந்த லைன்னு சொல்லிடலாம். மேல இருக்கிற அதே ஆறு சீட்டை வச்சு காட்டுறேன், இனிமே ரெண்டு 4ஐயும் வெறும் 4ன்னே எழுதுறேன்.

`j >= 0`க்கு பதிலா `j > 0`ன்னு எழுதிட்டா கட்டம் 0ல இருக்கிற சீட்டோட யாருமே ஒப்பிட மாட்டாங்க. விடை இப்படி வரும்:

```
7  2  3  4  4  9
```

முதல் சீட்டு மட்டும் போட்ட இடத்துலயே அசையாம உக்காந்திருக்கு, மத்ததெல்லாம் பக்காவா அடுக்கி இருக்கு. இந்த தப்புல நான் கத்துக்கிட்ட புதுசுல ஒரு சாயந்திரம் முழுக்க போயிருக்கு, ஏன்னா நான் டெஸ்ட் பண்ண லிஸ்ட்ல முதல் எண்ணே தற்செயலா எல்லாத்தையும் விட சின்னதா இருந்துச்சு, விடை சரியா வந்துக்கிட்டே இருந்துச்சு, வேற லிஸ்ட் கொடுத்தப்பதான் உடைஞ்சுது, நான் புது லிஸ்ட்லதான் ஏதோ கோளாறுன்னு அதையே திரும்பத் திரும்ப பாத்துக்கிட்டு இருந்தேன். அதனால டெஸ்ட் பண்ணும்போது சின்ன எண்ணை கடைசில போட்டு ஒரு லிஸ்ட் கண்டிப்பா வச்சுக்கோங்க.

அடுத்து, கடைசி லைன்ல `a[j + 1] = key`க்கு பதிலா `a[j] = key`ன்னு போடுறது. முதல் சுற்றுலயே விபத்து நடந்துடும். 7ஐ தள்ளினதுக்கு அப்புறம் `j` -1 ஆகி இருக்கும், பைத்தான்ல `a[-1]`ன்னா கடைசி கட்டம்னு அர்த்தம், அதனால எர்ரர் எதுவும் வராம 3 போய் கடைசி கட்டத்துல உக்காந்துடும்:

```
7  7  9  4  2  3
```

இஸ்பேட் 4 காணாமலே போயிடுச்சு, 7 ரெண்டு ஆயிடுச்சு. இதுதான் அடையாளம், போட்ட சீட்டும் வந்த சீட்டும் ஒண்ணா இல்லன்னா, அதாவது ஏதாவது தொலைஞ்சு வேற ஏதாவது ரெட்டிப்பாகி இருந்தா, காலி இடத்தை விட்டுட்டு வேற கட்டத்துல வச்சிருக்கீங்க, இல்லன்னா `key`ஐ திரும்ப வைக்கவே மறந்திருக்கீங்க. அடுக்குற வேலை சீட்டோட இடத்தை மட்டும்தான் மாத்தணும், சீட்டையே மாத்தக்கூடாது. சந்தேகம் வந்தா முதல்ல எண்ணிப் பாக்க வேண்டியது இதைத்தான்.

மூணாவது தப்பு கொஞ்சம் நுணுக்கமானது. `key`ன்னு எடுத்து வச்சிட்டு `while`ல மட்டும் பழக்கத்துல `a[j] > a[i]`ன்னு எழுதிடுறது. பாக்க ரெண்டும் ஒண்ணுன்னு தோணும். ஆனா முன்னாடி சொன்னேன்ல, முதல் தள்ளல்லயே `a[i]` மேல வேற எண் வந்துடும்னு. 4ஐ தூக்கிட்டு 9ஐ தள்ளினதும் `a[i]` இப்ப 9, அடுத்து 7 வந்து 9ஐ விட பெருசான்னு கேட்டா இல்லன்னு சொல்லி நின்னுடும். கையில 4 இருக்கிறதையே மறந்துட்டு மேஜையைப் பாத்து ஒப்பிடுற மாதிரி. ஒவ்வொரு சீட்டும் அதிகபட்சம் ஒரே ஒரு கட்டம்தான் இடப்பக்கம் வரும், விடை இப்படி:

```
3  7  4  2  4  9
```

பெரிய எண் மட்டும் கடைசிக்கு போயிடுச்சு, மத்தது அரைகுறை. பப்பிள் சார்ட் தெரிஞ்சவங்க உத்துப் பாத்தா இது அதோட ஒரே ஒரு சுற்றுக்கு அப்புறம் வர்ற அதே வரிசைன்னு கண்டுபிடிச்சிடுவாங்க.

`while`ல ரெண்டு நிபந்தனையோட வரிசையும் முக்கியம். `j >= 0` முதல்ல வரணும், அது பொய்னா `and`க்கு அடுத்து இருக்கிறதை பைத்தான் பாக்கவே பாக்காது. மாத்தி எழுதினா கட்டம் -1ல என்ன இருக்குன்னு போய் எட்டிப் பாக்கும். பைத்தான்ல இது சத்தமில்லாம கடைசி கட்டத்தை படிச்சிட்டு வந்துடும், அதனால விடை கெடாது, தப்பும் வெளிய தெரியாது. அதே பழக்கத்தோட ஜாவா எழுதப் போனா ப்ரோக்ராம் அங்கயே நின்னுடும், `ArrayIndexOutOfBoundsException`னு வரும். சி-ல அதுவும் வராது, லிஸ்டுக்கு சொந்தமில்லாத மெமரியை படிக்கும், என்ன நடக்கும்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது.

கடைசியா அந்த ரெண்டு 4. `a[j] > key`ங்கிறதுக்கு பதிலா `a[j] >= key`ன்னு எழுதினா எண்கள் சரியாத்தான் அடுக்கும், டெஸ்ட்டும் பாஸ் ஆகும், ஆனா சமமா இருக்கிறதையும் தள்ளிடுறதால இஸ்பேட் 4 ஆட்டின் 4க்கு முன்னாடி போய் உக்காந்துடும். வெறும் எண்ணா இருந்தா யாருக்கும் தெரியப் போறதில்ல. ஆனா ஒரு பட்டியலை முதல்ல பேர் வாரியா அடுக்கிட்டு அப்புறம் மார்க் வாரியா அடுக்குறீங்கன்னு வைங்க, ஒரே மார்க் எடுத்தவங்க பேர் வரிசையில இருக்கணும்னு எதிர்பாப்பீங்க, `>=` போட்டா அந்த வரிசை தலைகீழா போயிடும். சமமா இருக்கிறவங்க வந்த வரிசையிலயே இருந்தா அதை ஸ்டேபிள் சார்ட்னு சொல்லுவாங்க, இன்செர்ஷன் சார்ட்ல அந்த குணம் இந்த ஒரே ஒரு குறியை நம்பித்தான் இருக்கு. இதை டெஸ்ட் பண்ணணும்னா வெறும் எண் போதாது, எண்ணோட கூட ஆட்டின், இஸ்பேட் மாதிரி ஒரு அடையாளமும் சேத்து வச்சு எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பாக்கணும்.

எவ்வளவு வேலை ஆகும்

நம்ம ஆறு சீட்டுக்கு 9 தள்ளல் ஆச்சு. அந்த 9 எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா இந்த அல்காரிதம் எப்ப வேகமா ஓடும்னு நீங்களே சொல்லிடலாம். ஆரம்பத்துல இருந்த வரிசையை எழுதிட்டு ஒவ்வொரு சீட்டுக்கும் அதுக்கு வலப்பக்கம் அதை விட சின்னது எத்தனை இருக்குன்னு எண்ணுங்க. 7க்கு வலப்பக்கம் 3, 4, 2, 4ன்னு நாலு. 3க்கு 2 மட்டும், ஒண்ணு. 9க்கு 4, 2, 4ன்னு மூணு. ஆட்டின் 4க்கு 2, ஒண்ணு. மத்ததுக்கு இல்ல. கூட்டினா 9. இது தற்செயல் இல்ல, ஒவ்வொரு தள்ளலும் முறை தவறி நிக்கிற ஒரே ஒரு ஜோடியை சரி பண்ணுது, அதனால அப்படி எத்தனை ஜோடி இருக்கோ அத்தனை தள்ளல், கூடவும் இல்ல குறையவும் இல்ல. இந்த ஜோடிகளுக்கு இன்வெர்ஷன்னு பேர்.

அப்ப ஏற்கனவே அடுக்கின லிஸ்ட்ல தள்ளலே கிடையாது, ஆறு சீட்டுக்கு வெறும் 5 ஒப்பீடுதான். முழுக்க தலைகீழா இருந்தா ஒவ்வொரு ஜோடியும் முறை தவறினதுதான், ஆறு சீட்டுக்கு 15. முழு கட்டு 52 சீட்டும் தலைகீழா இருந்தா 52 × 51 / 2, அதாவது 1326 தள்ளல், நல்லா கலைச்சு போட்ட கட்டுன்னா சராசரியா அதுல பாதி, 663. இதெல்லாம் கம்ப்யூட்டருக்கு ஒண்ணுமே இல்ல. ஆனா 10,000 எண் தலைகீழா இருந்தா 4,99,95,000 தள்ளல், கிட்டத்தட்ட 5 கோடி. எண்ணிக்கை ரெண்டு மடங்கானா வேலை நாலு மடங்காகும், அதுதான் பிரச்சனை. பெரிய, கலைஞ்சு போன லிஸ்டுக்கு இதை எடுக்காதீங்க.

இங்க எல்லாருக்கும் ஒரு யோசனை வரும், அடுக்கின பக்கம்தான் ஒழுங்கா இருக்கே, ஒவ்வொண்ணா நடக்காம நடுவுல இருந்து பாதி பாதியா தேடினா வேகமாகுமேன்னு. ஒப்பீடு நிஜமாவே நல்லா குறையும். ஆனா இடம் கண்டுபிடிச்சிட்டா போதுமா, காலி இடம் அங்க வரைக்கும் வரணுமே, தள்ளல் ஒண்ணு கூட குறையாது. கையில சீட்டு வச்சிருக்கும்போது விரல் சும்மா செஞ்சு கொடுத்த வேலை இதுதான், அதை மறந்தா இந்த கணக்கு தப்பாத்தான் போகும். ஒப்பீடு ரொம்ப செலவாகுற இடத்துல, உதாரணத்துக்கு நீளமான எழுத்து வரிசைகளை ஒப்பிடும்போது, இந்த முறை கை கொடுக்கும்.

சின்ன லிஸ்ட், இல்லன்னா கிட்டத்தட்ட அடுக்கின லிஸ்ட், இந்த ரெண்டு இடத்துலயும் இன்செர்ஷன் சார்ட்டை அடிச்சுக்க ஆள் கம்மி. பைத்தான்ல `sort()`க்காக டிம் பீட்டர்ஸ் 2002ல எழுதின டிம்சார்ட்லயே இது உள்ள இருக்கு. லிஸ்ட்ல ஏற்கனவே வரிசையா இருக்கிற துண்டுகளை அது முதல்ல தேடும், துண்டு ரொம்ப சின்னதா இருந்தா மேல சொன்ன பாதி பாதியா தேடுற இன்செர்ஷன் சார்ட்டை வச்சு அதை வளத்துக்கும், பெரிய லிஸ்ட்ல அந்த அளவு பொதுவா 32ல இருந்து 64 வரைக்கும் இருக்கும், அப்புறம்தான் துண்டுகளை ஒண்ணா சேக்கும்.

கோடு எழுதினதுக்கு அப்புறம் சரியா ஓடுதான்னு பாக்க, ஒப்பீட்டையும் தள்ளலையும் எண்ற மாதிரி ரெண்டு கவுன்டர் வச்சுக்கிட்டு முதல்ல மேஜையில கையால செஞ்சு எண்ணி, அதுக்கப்புறம் ப்ரோக்ராமை ஓட்டி ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. தள்ளலை `while`க்கு உள்ள எண்ணினா போதும். ஒப்பீட்டை எண்ணும்போது மட்டும் கவனம், `while` நிக்கும்போது நடந்த கடைசி ஒப்பீட்டையும் சேக்கணும், ஆனா `j` -1 ஆகி நின்னிருந்தா அங்க சீட்டே இல்ல, அப்ப சேக்கக்கூடாது. 5, 8, 6, 2, 9ன்னு அஞ்சு சீட்டை வச்சுப் பாருங்க, சுற்று வாரியா ஒப்பீடு 1, 2, 3, 1, தள்ளல் 0, 1, 3, 0, மொத்தம் 7 ஒப்பீடு 4 தள்ளல் வரணும்.